குலுக்கல் கணக்கும் புரோட்டோகால் கணக்கும்: ஒரே அட்டவணையில் போடலாமா?

முழங்கால் மூட்டு வலிக்குப் பிசியோதெரபி கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையின் கட்டுரை வரைவோடு ஒரு மருத்துவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். முடிவுகள் அட்டவணையில் இடப்பக்கம் ஒரு கணக்கு, வலப்பக்கம் இன்னொரு கணக்கு. இடப்பக்கத்தில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வலப்பக்கத்தில் பிசியோதெரபி ஜெயித்திருந்தது. "ரெண்டையும் போட்டுட்டேன் சார், எதையும் மறைக்கல. படிக்கிறவங்களே முடிவு பண்ணிக்கட்டும்" என்றார்.

மறைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் படிக்கிறவர் முடிவு பண்ணுவதற்கு வேண்டிய விவரம் அந்த அட்டவணையில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதா, ஒன்றை மட்டும் முன்னால் வைத்து மற்றதைப் பின்னிணைப்புக்கு அனுப்புவதா, இல்லை வேறு விதமாகவா என்று ஒவ்வொரு சோதனைக் கட்டுரையிலும் யாராவது தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அந்த இரண்டு கணக்கும் என்ன என்று பார்த்துவிடலாம்.

முதலாவது இன்டென்ஷன் டு ட்ரீட். குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ, அவரைக் கடைசி வரை அந்தக் குழுவிலேயே வைத்து எண்ணுவது. மருந்தைச் சாப்பிட்டாரா, பாதியில் விட்டாரா, எதிர்க் குழுவின் சிகிச்சைக்கே தாவிவிட்டாரா என்று கேட்பதில்லை. இதைக் குலுக்கல் கணக்கு என்கிறேன், மருத்துவரின் அட்டவணையில் இடப்பக்கம் இருந்தது இதுதான். இரண்டாவது பெர் புரோட்டோகால்: திட்டத்தில் எழுதியபடி சிகிச்சை பெற்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கிவிடுவது. இதைப் புரோட்டோகால் கணக்கு என்று முழுதாகவே எழுதுகிறேன், பி.பி. என்று சுருக்கினால் நம் ஊரில் எல்லோரும் ரத்த அழுத்தம் என்றுதான் படிப்பார்கள்.

பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. எழுபதுகளில் ஐரோப்பாவில் நடந்த பைபாஸ் சோதனை. இரண்டாண்டு முடிவுகள் 1979இல் லான்செட் இதழில் வந்தன. நெஞ்சுவலி உள்ள, 65 வயதுக்கு உட்பட்ட ஆண்கள் 768 பேர். குலுக்கலில் 395 பேருக்கு பைபாஸ் அறுவை, 373 பேருக்கு மருந்து மட்டும். ஆனால் குலுக்கல் சொன்னபடி எல்லோருக்கும் நடக்கவில்லை. அறுவை என்று விழுந்தவர்களில் 26 பேருக்கு அறுவை நடக்கவில்லை. மருந்து என்று விழுந்தவர்களில் 50 பேர் பிறகு அறுவை செய்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் இறந்தவர்கள் கணக்கு இது:

| குலுக்கலில் விழுந்தது | உண்மையில் நடந்தது | பேர் | இறந்தவர்கள் |
|---|---|---|---|
| அறுவை | அறுவை | 369 | 15 |
| அறுவை | மருந்து மட்டும் | 26 | 6 |
| மருந்து | மருந்து மட்டும் | 323 | 27 |
| மருந்து | அறுவை | 50 | 2 |

குலுக்கல் கணக்குப்படி அறுவைக் குழுவில் 395 பேரில் 21 பேர் இறந்தார்கள், 5.3 சதவீதம். மருந்துக் குழுவில் 373 பேரில் 29 பேர், 7.8 சதவீதம். வித்தியாசம் 2.5 புள்ளி, பி மதிப்பு 0.17. சிகிச்சைகளுக்குள் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ இடைவெளி வர எவ்வளவு வாய்ப்பு என்பதே பி மதிப்பு, வழக்கமாக அது 0.05க்குக் கீழே வந்தால்தான் வித்தியாசத்தை ஏற்பார்கள். அதாவது இது தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

புரோட்டோகால் கணக்கு முதல் வரியையும் மூன்றாவது வரியையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். 369 பேரில் 15, 323 பேரில் 27. அது 4.1 சதவீதம், இது 8.4 சதவீதம். பி மதிப்பு 0.018. அறுவை திடீரென்று சாவைப் பாதியாக்கிவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. குலுக்கலையே மறந்துவிட்டு, அறுவை நடந்தவர் எல்லோரும் ஒரு பக்கம், நடக்காதவர் எல்லோரும் மறுபக்கம் என்று பிரிப்பது. அப்படிப் பார்த்தால் 4.1க்கு எதிராக 9.5 சதவீதம், பி மதிப்பு 0.003. அதே 768 பேர், அதே 50 சாவு. யாரை எந்தக் கூடையில் போடுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

இதில் பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. 26 பேரில் 6 பேர் இறந்திருக்கிறார்கள், 23 சதவீதம். வேறு எந்த வரியிலும் இதில் பாதிகூட இல்லை. அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கையில் ஒருவர் இறந்தால் அவர் "அறுவை பெறாதவர்" ஆகிவிடுவார். அறுவையைத் தாங்க மாட்டார் என்று மருத்துவர் தள்ளிப்போட்டவரும் அப்படியே. புரோட்டோகால் கணக்கு இந்த 26 பேரையும் நீக்கும்போது அறுவைக் குழுவிலிருந்து அதிக ஆபத்தில் இருந்தவர்களை எடுத்துவிடுகிறது. மறுபக்கம் நீக்குகிற 50 பேரோ 4 சதவீதம் மட்டுமே இறந்தவர்கள். அறுவை செய்துகொள்ளும் அளவுக்குத் தாக்குப்பிடித்தவர்கள். அவர்களை எடுத்ததும் மருந்துக் குழுவில் மிச்சமிருப்பவர்களின் கணக்கு மோசமாகிறது. ஒரு பக்கம் நோயாளி போகிறார், மறுபக்கம் தெம்பானவர் போகிறார். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன.

குலுக்கல் போடுவதே இரண்டு குழுவும் எல்லா விதத்திலும் சமமாக இருக்கட்டும் என்றுதான். அப்புறம் ஆட்களை நீக்கினால் அந்தச் சமம் போய்விடுகிறது.

சரி, இப்போது தீர்மானத்துக்கு வருவோம். முதல் வழி, குலுக்கல் கணக்கை மட்டும் முக்கிய அட்டவணையில் போட்டு, மற்றதைப் பின்னிணைப்புக்கு அனுப்புவது. பாதுகாப்பான வழி. ஒரு சிகிச்சை இன்னொன்றைவிட மேலானதா என்று கேட்கிற பெரும்பாலான சோதனைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு குறை இருக்கிறது. பலர் சிகிச்சையை எடுத்துக்கொள்ளவே இல்லை என்றால், குலுக்கல் கணக்கு சிகிச்சையின் பலனைச் சொல்வதில்லை. சிகிச்சையைத் தருவதாக முடிவெடுத்ததன் பலனைத்தான் சொல்கிறது. அரசுக்குத் திட்டம் போடுகிறவருக்கு வேண்டியது அதுதான். எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளி கேட்பது வேறு: "நான் ஒழுங்கா செஞ்சுக்கிட்டா எனக்கு என்ன கிடைக்கும்?"

இரண்டாவது வழி, அந்த மருத்துவர் செய்தது: இரண்டையும் சரிசமமாகப் பக்கத்தில் வைப்பது. பார்க்கத் திறந்த மனம் போலத் தெரியும். நடைமுறையில் படிக்கிறவர் தனக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொள்கிறார். எழுதியவரே விவாதப் பகுதிக்கு வருகையில் வலப்பக்க எண்ணைத்தான் பேசுவார், சுருக்கத்திலும் அதுவே நுழைந்துவிடும். சரிசமமாக வைத்தால் இரண்டுக்கும் ஒரே நம்பகம் என்று அட்டவணை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்று குலுக்கலின் காவலில் இருப்பது, மற்றது இல்லாதது.

காவல் இல்லாத கணக்கு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த கொரோனரி டிரக் ப்ராஜெக்ட் போல வேறொன்று கிடையாது. அதன் இந்தப் பகுதி 1980இல் வெளிவந்தது. கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் மருந்தை மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்குக் கொடுத்தார்கள். ஐந்தாண்டில் மருந்துக் குழுவில் 20.0 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரைக் குழுவில் 20.9. மருந்தால் பயனில்லை. ஆனால் மருந்தில் 80 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறப்பு 15.0 சதவீதம், சாப்பிடாதவர்களில் 24.6. ஆகா, சாப்பிட்டவர்களுக்கு வேலை செய்கிறதே என்று சொல்லத் தோன்றும். வெற்று மாத்திரைக் குழுவிலும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் 15.1, சாப்பிடாதவர்கள் 28.2. உள்ளே ஒன்றுமே இல்லாத மாத்திரை! மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்ற எல்லாவற்றிலும் ஒழுங்காக இருக்கிற ஆளாகவோ, சாப்பிடும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிற ஆளாகவோ இருக்கிறார். இன்னொன்றும் உண்டு: வயது, ரத்த அழுத்தம் என்று தெரிந்த பல காரணங்களுக்கு அன்றே சரிசெய்து பார்த்தும் இந்த இடைவெளி மறையவில்லை.

மூன்றாவது வழி, குலுக்கல் கணக்கை முதலில் நிறுத்தி, அதன் கீழே தனியாக, வேறு கேள்விக்கான பதில் என்று பெயர் போட்டு, ஆட்களை வெறுமனே நீக்காமல், ஒழுங்காகச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையே தெரிந்த வித்தியாசங்களுக்கு ஈடுகட்டிச் சரிசெய்த புரோட்டோகால் கணக்கைத் தருவது. இதற்குச் சமீபத்திய எடுத்துக்காட்டு நார்டிக் என்கிற கொலனோஸ்கோபி சோதனை, 2022 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. போலந்து, நார்வே, ஸ்வீடன் மக்கள்பதிவிலிருந்து 55 முதல் 64 வயது வரையிலானவர்களை எடுத்து, 28,220 பேருக்கு ஒரு முறை கொலனோஸ்கோபி செய்துகொள்ள அழைப்பு அனுப்பினார்கள். 56,365 பேருக்கு அழைப்பு இல்லை. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம் மட்டுமே.

பத்தாண்டில் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து, அழைக்கப்பட்டவர்களில் 0.98 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.20. அதாவது 18 சதவீதம் குறைவு. அந்தப் புற்றுநோயால் இறப்பது 0.28க்கு எதிராக 0.31, வித்தியாசம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இது குலுக்கல் கணக்கு. அழைக்கப்பட்ட எல்லோரும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சரிசெய்து போட்ட புரோட்டோகால் கணக்கில் புற்றுநோய் ஆபத்து 1.22இலிருந்து 0.84 ஆகிறது, இறப்பு 0.30இலிருந்து 0.15 ஆகிறது. இறப்பு பாதி!

வெளிவந்ததும் நடந்தது எதிர்பார்த்ததுதான். கொலனோஸ்கோபியால் பெரிய பலன் இல்லை என்று சொல்ல விரும்பியவர்கள் முதல் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல விரும்பிய குடல்நோய் மருத்துவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கட்டுரை எழுதியவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் எண் "அழைப்பு அனுப்பினால் ஊரில் எவ்வளவு குறையும்" என்பதற்கு, இரண்டாவது "வந்தால் எவ்வளவு குறையும்" என்பதற்கு என்று அவர்கள் பிரித்தே எழுதியிருந்தார்கள். முடிவுரை முதல் எண்ணின் மேல் நின்றது.

இரண்டாவது எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தோராயமாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அழைப்புக் கடிதம் தானாகப் புற்றுநோயைத் தடுக்காது, போனால்தான் தடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மொத்தக் குழுவில் தெரிந்த 0.22 புள்ளிக் குறைவு முழுவதும் அந்த 42 சதவீதம் பேரிடமிருந்து வந்திருக்க வேண்டும். 0.22ஐ 0.42ஆல் வகுத்தால் சுமார் 0.52 புள்ளி. கட்டுரையின் புரோட்டோகால் கணக்கு தந்தது 0.38 புள்ளி. இரண்டும் ஒன்றாக வராததில் ஆச்சரியம் இல்லை. வகுத்து வந்தது வந்தவர்களுக்கு மட்டுமான பலன், மற்றது எல்லோரும் வந்திருந்தால் என்ற கற்பனைக்கானது. தவிர, இரண்டும் வேறு வேறு அனுமானத்தில் நிற்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒன்று 0.5 என்றும் மற்றது 2 என்றும் வந்திருந்தால் சரிசெய்த விதத்தில் எங்கோ கோளாறு என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

இதுவரை சொன்னது ஒரு சிகிச்சை மேலானதா என்று கேட்கும் சோதனைகளுக்கு. "புதியது பழையதைவிட அதிகம் மோசமில்லை" என்று நிரூபிக்க வந்த சோதனைகளில் நிலைமை தலைகீழ். அங்கே இரண்டாவது வழியைத்தான், அதாவது இரண்டையும் சரிசமமாகப் பக்கத்தில் போடுவதைத்தான் நான் கேட்பேன். காரணத்தை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன்.

பத்து நாள் ஆன்டிபயாடிக்குக்குப் பதில் ஐந்து நாள் போதுமா என்று பார்க்கிறோம். குழுவுக்கு 400 பேர். குணமாகும் விகிதம் 10 புள்ளிக்கு மேல் குறையக் கூடாது என்று முன்கூட்டியே எல்லை போட்டிருக்கிறோம். இரண்டு குழுவிலும் நூறு நூறு பேர் நாள்கணக்கை மீறி, வெளியே போய் வேறொரு மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். அவர்களில் இரண்டு பக்கமும் 85 பேர் குணம். ஒழுங்காகச் சாப்பிட்ட 300 பேரில், பத்து நாள் குழுவில் 276 பேர் குணம், ஐந்து நாள் குழுவில் 255.

புரோட்டோகால் கணக்கு: 92 சதவீதத்துக்கு எதிராக 85. ஏழு புள்ளி குறைவு. தற்செயலுக்கு இடம் விட்டால் உண்மையான குறைவு எங்கிருந்து எங்கு வரை இருக்கலாம் என்று காட்டுவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதன் மோசமான முனை 12.1 புள்ளி. எல்லையைத் தாண்டிவிட்டது, ஐந்து நாள் தேறவில்லை. குலுக்கல் கணக்கு: 400இல் 361, 400இல் 340. 90.25க்கு எதிராக 85, குறைவு 5.25 புள்ளி, மோசமான முனை 9.8. எல்லைக்குள் வந்துவிட்டது, தேறிவிட்டது!

என்ன நடந்தது என்றால், இரண்டு பக்கமும் ஒரே வெளிமருந்து சாப்பிட்டவர்கள் கலந்ததில் குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் நீர்த்துப்போனது. மேலானதா என்று கேட்கும்போது இந்த நீர்ப்பு நம்மை எச்சரிக்கையாக வைக்கிறது. மோசமில்லை என்று காட்ட வேண்டியபோது அதே நீர்ப்பு பொய் வெற்றியைக் கையில் கொடுக்கிறது. சோதனையை எவ்வளவு அலட்சியமாக நடத்தினாலும் ஜெயிக்க வாய்ப்பு கூடுகிறது என்றால் அது எங்கே போய் முடியும்! அதற்காகப் புரோட்டோகால் கணக்கை மட்டும் நம்பவும் முடியாது, ஆள் நீக்கும் கோளாறு இங்கேயும் உண்டுதான். ஆகவே இரண்டும் எல்லைக்குள் வந்தால் மட்டும் தேறியதாக எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டும் முரண்பட்டால் எந்தக் குழுவில் யார், ஏன் விலகினார்கள் என்று தேட வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

எந்த வழியை எடுத்தாலும் வலப்பக்கக் கணக்கோடு கூடவே வர வேண்டியவை சில இருக்கின்றன. ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேரை எடுத்து எண்ணினோம் என்ற எண்ணிக்கை முதலாவது. சோதனைக் கட்டுரைகளில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் 2010 கான்சார்ட் வழிகாட்டியே இதைக் கேட்கிறது, குலுக்கல்படிதான் எண்ணினீர்களா என்றும் கேட்கிறது. ஐரோப்பிய பைபாஸ் சோதனையில் ஒரு பக்கம் 395இல் 26 பேர் போனார்கள், மறுபக்கம் 373இல் 50 பேர். கிட்டத்தட்ட 7 சதவீதமும் 13 சதவீதமும். இப்படி ஏறுமாறாக இருந்தாலே உஷாராக வேண்டும். அதைவிட முக்கியம், நீக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்ற ஒரு வரி. நாம் மேலே பார்த்த நான்கு வரி அட்டவணையில் அந்த 6 சாவு தெரிந்ததால்தான் குட்டு உடைந்தது. வெறும் 4.1க்கு எதிராக 8.4 என்று மட்டும் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம், "ஒழுங்காகச் செய்தவர்" என்றால் யார் என்று எப்போது வரையறுத்தார்கள் என்பது. முடிவுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பா, பின்பா?

அந்த மருத்துவரின் வரைவில் நான் கேட்டது இதைத்தான். சிகிச்சைக் குழுவுக்கு 12 அமர்வுகள். புரோட்டோகால் கணக்கில் 9 அமர்வுக்குக் குறையாமல் வந்தவர்களை மட்டும் எடுத்திருந்தார். எதிர்க் குழுவுக்கோ ஒரு பயிற்சித் தாள் மட்டும் கொடுத்து அனுப்பியது, அங்கே வராதவர் என்று நீக்க யாருமே இல்லை. ஆக, இங்கே விடாமல் வந்தவர்களை மட்டும் பொறுக்கி, அங்கே எல்லோரோடும் ஒப்பிட்டிருக்கிறார். வலி கூடினவர் பேருந்து ஏறி வருவாரா, குறைந்தவர் வருவாரா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டார்.

"இந்த ஒன்பது எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?"

திட்டத்தில் "முறையாக வந்தவர்கள்" என்று மட்டும்தான் இருந்ததாம். உட்கார்ந்து 6, 7, 8, 9, 10 என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து வரிகள், பின்னிணைப்பில் ஒரு சின்ன அட்டவணை. முக்கிய அட்டவணையில் இப்போது குலுக்கல் கணக்கு மட்டும் இருக்கிறது. அந்த ஐந்து வரிகளில் பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தது ஒன்பதில் மட்டும்தான்.